நிழலுக்கு நிழல்: 48 மணி நேரத்தில் எதை வெட்டினோம், எப்போது வெட்டினோம்

வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தலைப்பை அறிவித்தார்கள்: நிழல். ஞாயிறு மாலை 6 மணிக்குள் அந்தத் தலைப்பில் ஒரு விளையாட்டைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடும்படி ஏற்றிவிட வேண்டும். கேம் ஜாம் என்பது இவ்வளவுதான். லூடம் டேர் 2002 முதலும், குளோபல் கேம் ஜாம் 2009 முதலும் நடக்கின்றன. நாங்கள் கலந்துகொண்டது அவ்வளவு பெரியதில்லை, ஆனால் அதே 48 மணி நேரக் கணக்கு.

நாங்கள் மூன்று பேர். நிரல் எழுத நான், ஒலிக்கும் பாதி நிரலுக்கும் என்னோடு வேலை செய்யும் நண்பன், படம் வரைய என் சித்தி மகள். ஈரோட்டில் நண்பன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்திருந்தோம். மே மாதம், கத்திரி வெயில் நடுவில். போன் விளையாட்டுதான் செய்வது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஒரு கையால் பிடித்து ஒரே கட்டைவிரலால் ஆட முடிய வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

யோசனை வந்தது ஒரு போன் அழைப்பால். சித்தி மகள் பேசிக்கொண்டே செருப்பில்லாமல் மொட்டை மாடிக்குப் போனாள். பகல் முழுக்கக் காய்ந்த தரை மாலை 6 மணிக்கும் சுட்டது. தண்ணீர்த் தொட்டி நிழலுக்கு ஓடினாள், அங்கே நின்று பேசினாள், அப்புறம் துணிக்கொடியில் காய்ந்த போர்வையின் நிழலுக்கு ஓடினாள், அங்கிருந்து கதவுக்கு. உள்ளே வந்ததும், "அண்ணா, இதுதான் கேம்" என்றாள். வெறுங்காலோடு ஒரு பையன், கொதிக்கும் தெரு, அங்கங்கே நிழல். விரலை அழுத்திப் பிடித்தால் நடப்பான், விட்டால் நிற்பான். வெயிலில் கால் சுடும், நிழலில் ஆறும். பத்து நிமிடத்தில் மூன்று பேருக்கும் பிடித்துப்போனது.

ஆபத்து அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில்தான் இருந்தது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வேண்டியதை எல்லாம் எழுத ஆரம்பித்தோம். தெரு, பேருந்து நிலையம், சந்தை, கோயில் பிரகாரம், கடற்கரை என்று ஐந்து இடங்கள். வெயில் நகர நகர நிழலும் நகர வேண்டும். வழியில் காசு பொறுக்கிச் செருப்பும் குடையும் வாங்க ஒரு கடை. மூன்று கதாபாத்திரங்கள். யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்று உலகத்துக்கே காட்டும் லீடர்போர்டு. நகரும் மேகம். ஒரு நிமிட முன்கதை. எழுதும்போது ஒவ்வொன்றும் சின்னதாகவே தெரிந்தது.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மணிக்கணக்கைப் போட்டோம். நிரலும் ஒலியும் மட்டும் சேர்த்து 52 மணி நேரம் வந்தது. இருப்பது 48, ஆள் இரண்டு, அப்படியானால் முடித்துவிடலாம் என்று தோன்றும். அது தவறு. இரண்டு இரவுத் தூக்கத்துக்கு 12 மணி நேரம் போனால் 36. சாப்பாடு, குளியல், டீ எல்லாம் சேர்த்து 6 போனால் 30. பேச்சிலேயே 2 போய்விடும். கடைசி 4 மணி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது, அது ஏற்றுவதற்கும் ஓட்டை அடைப்பதற்கும். மிச்சம் 24. அதில் பாதி, எழுதியது ஏன் ஓடவில்லை என்று பார்ப்பதிலேயே போகும். எனக்கு இதுவரை எந்த ஜாமிலும் அதற்குக் குறைவாகப் போனதில்லை. ஆக, புது வேலைக்கு ஒருவருக்கு 12 மணி நேரம். நண்பனுக்கும் அதே 12தான், ஒலியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அவனுடைய களைப்பைக் கணக்கில் வைத்து ஆறு மணி நேரம் என்று வைத்தோம். மொத்தம் 18. கையில் 18 மணி நேரம், தாளில் 52.

இந்த இடத்தில் பெரும்பாலும் எல்லோரும் செய்வது, நானும் முன்பு செய்தது, எண்ணிக்கையைக் குறைப்பது. ஐந்து இடம் வேண்டாம், மூன்று போதும். மூன்று கதாபாத்திரம் வேண்டாம், இரண்டு போதும். இப்படிக் குறைத்தால் மனம் ஆறுதல் அடையும், ஆனால் வேலை பெரிதாகக் குறையாது. ஏனென்றால் செலவு முதல் ஒன்றில்தான் இருக்கிறது. இடம் மாற்றும் வசதியைச் செய்துவிட்டால் மூன்றாவது இடமும் ஐந்தாவது இடமும் படம் வரையும் வேலை மட்டுமே. ஆனால் இடம் மாற்றுவது என்ற ஒரு வகையே இல்லை என்றால், தேர்வுத் திரை இல்லை, எது திறந்திருக்கிறது என்று சேமிக்க வேண்டியதில்லை, ஓர் இடம் முடிந்தது என்று எப்படிச் சொல்வது என்ற கேள்வியே இல்லை. எண்ணிக்கையை வெட்டாதே, வகையை வெட்டு. அந்த இரவு தாளின் மேல் நான் எழுதிய முதல் வரி அதுதான்.

லீடர்போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் ஒரு சொல். ஆனால் அதற்கு ஒரு சர்வர் வேண்டும். ஆடுபவர் பெயர் எழுத ஒரு பெட்டி வேண்டும், பெட்டியைத் தொட்டதும் போனின் விசைப்பலகை பாதித் திரையை மறைக்கும், அதற்கேற்ப எல்லாவற்றையும் மேலே தள்ள வேண்டும். இணையம் இல்லாதபோது என்ன காட்டுவது, பதில் வரத் தாமதமானால் என்ன காட்டுவது, யாராவது கெட்ட வார்த்தையைப் பெயராக எழுதினால் என்ன செய்வது. ஒரு சொல்லுக்குள் நான்கு வகை வேலை ஒளிந்திருக்கிறது. கடையும் அப்படியே: காசு, விலை, வாங்கும் திரை, வாங்கியதைச் சேமிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக விலையைச் சரிபார்க்கப் பலமுறை ஆடிப் பார்ப்பது. அந்தக் கடைசி வேலைக்கு ஜாமில் நேரம் இருக்கவே இருக்காது.

மினி மெட்ரோ ஆடியவர்களுக்கு அதன் பிறப்பு தெரிந்திருக்கலாம். நியூசிலாந்தில் டைனோசர் போலோ கிளப் என்ற நிறுவனத்தைத் தொடங்கிய கறி சகோதரர்கள் 2013 ஏப்ரல் லூடம் டேரில் அதைச் செய்தபோது பெயர் மைண்ட் தி கேப். போனுக்கு வந்தது 2016இல். இன்று அதில் பல நகரங்கள் உண்டு, ஆனால் விரல் செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: நிலையத்திலிருந்து நிலையத்துக்குக் கோடு இழுப்பது. கறி சகோதரர்களுக்கு அந்த வார இறுதியில் கிடைத்த தலைப்பு மினிமலிசம், அதாவது குறைவே போதும் என்பது. எங்களுக்கு அப்படி உதவும் தலைப்பு வாய்க்கவில்லை, நாங்களேதான் குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரவு 9 மணிக்குத் தாளில் மிஞ்சியது இதுதான். முடிவே இல்லாத ஒரே தெரு. ஒரே பையன். சூட்டைக் காட்டும் ஒரு கோடு. தூரம்தான் மதிப்பெண், அதிகபட்சத் தூரம் அந்தப் போனில் மட்டும் சேமிக்கப்படும். தொடக்கத் திரையும் முடிவுத் திரையும் ஒன்றுதான். சுமார் 16 மணி நேரம். மேகத்தை நண்பன் விடவில்லை. "மச்சான், ரெண்டு மணி நேரம்தான்டா" என்றான். 18க்குள் வந்ததால் ஒத்துக்கொண்டேன். அந்த மேகத்துக்குப் பின்னால் வருகிறேன்.

அன்று இரவு தூங்கும் முன் செய்தது ஒரே ஒரு வேலை. விளையாட்டு செய்யப் பயன்படும் கோடோ எஞ்சினில் ஒரு வெற்றுத் திட்டம் திறந்து, நடுவில் ஒரு சதுரம் வைத்து, அதை உண்மையான ஆண்ட்ராய்டு போனில் ஏற்றி ஓடவிட்டோம். விளையாட்டு ஒரு வரி எழுதும் முன்பே இதைச் செய்யாமல் போன் ஜாமில் இறங்கவே கூடாது என்பேன். எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட், ஆண்ட்ராய்டு எஸ்டிகே, ஜாவாவின் சரியான பதிப்பு, டீபக் கீஸ்டோர் என்று நான்கைந்து இடத்தில் எது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளும். எங்களுக்கு ஜாவாவில் மாட்டியது, எஞ்சின் கேட்டது 17, கணினியில் இருந்தது பழையது. வெள்ளி இரவு அது 40 நிமிட எரிச்சல். ஞாயிறு மாலை 5 மணிக்கு அதே 40 நிமிடம் போயிருந்தால் விளையாட்டே போயிருக்கும்.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆரம்பித்தேன். பையன் நடப்பதும் கால் சுடுவதும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன. அதன் உயிர் இந்தச் சில வரிகள்தான்:

```gdscript
func _unhandled_input(event):
    if event is InputEventScreenTouch:
        holding = event.pressed

func _physics_process(delta):
    if holding:
        position.y -= SPEED * delta
    heat += (-COOL if in_shade else BURN) * delta
    heat = clampf(heat, 0.0, 1.0)
```

`heat` 1ஐத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. கணினியில் மவுஸால் சோதிக்க, திட்ட அமைப்பில் மவுஸைத் தொடுதலாகப் பாவிக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டால் இதே நிரல் இரண்டிலும் ஓடும்.

அப்புறம் நிழலுக்கு வந்தேன். என் மனதில் இருந்தது உண்மையான வெயில். எஞ்சினிலேயே விளக்கும் அதை மறைக்கும் பொருளும் வைத்தால் நிழல் தானாக விழும். மரம், சுவர், நிறுத்திய லாரி எல்லாவற்றுக்கும் வைத்தேன். விளக்கின் கோணத்தை மாற்றினால் நிழல்கள் தெருவில் சாய்ந்து நீண்டன. பார்க்க அவ்வளவு அழகு, மூன்று பேரும் வேலையை விட்டுவிட்டு ஐந்து நிமிடம் அதையே பார்த்தோம். அதற்குப் பிறகுதான் கேள்வி வந்தது: பையன் நிழலில் நிற்கிறானா இல்லையா என்று விளையாட்டுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. அந்த நிழலை வரைவது கிராபிக்ஸ் சிப். திரையில் எந்தப் புள்ளி கருப்பு, எந்தப் புள்ளி வெளிச்சம் என்பது அங்கேயே கணக்காகி அங்கேயே முடிந்துவிடுகிறது. விளையாட்டின் நிரலுக்கு அந்தச் செய்தி திரும்பி வருவதில்லை. கண்ணுக்குத் தெரிவது வேறு, நிரலுக்குத் தெரிவது வேறு. சரி, நிழலின் வடிவத்தை நானே கணக்குப் போட்டு, அதே வடிவத்தில், பையன் உள்ளே இருக்கிறானா என்று நிரலுக்குச் சொல்லும் மோதல் பகுதியும் வைக்கலாம் என்று இறங்கினேன். மரத்தின் முனைகளை வெயில் திசையில் நீட்டி, கிடைக்கும் பலகோணத்தை ஒவ்வொரு நொடியும் மாற்ற வேண்டும். சுவருக்குச் சரியாக வந்தது. மரத்துக்கு வரவில்லை, பலகோணம் தன்னையே வெட்டிக்கொண்டது. 8 மணிக்கு ஆரம்பித்தவன் நிமிர்ந்து பார்த்தபோது மணி 11.20. தாளில் நிழலுக்குப் போட்டிருந்தது 4 மணி நேரம். 3 மணி 20 நிமிடம் போய்விட்டது, கையில் ஒரு சுவர் மட்டும்.

இப்படி ஒரு வேலையை விட வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு ஒரு அடையாளம் உண்டு. இன்னும் எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், "அரை மணி நேரம்" என்று சொல்கிறேன். அரை மணி கழித்துக் கேட்டாலும் அதே "அரை மணி நேரம்". அன்று சித்தி மகள் மூன்று தடவை கேட்டாள், மூன்று தடவையும் அதையே சொன்னேன். அவள்தான் என் மேசை பக்கம் வந்து, "அண்ணா, ஆடுறவங்களுக்கு நிழல் எதுக்கு நகரணும்?" என்றாள்.

நல்ல கேள்வி. நிழல் நகர வேண்டும் என்பது அழகுக்காக இல்லை. நகராவிட்டால் ஒரே நிழலில் நிம்மதியாக நின்றுகொண்டிருக்கலாம், ஆட்டத்தில் அவசரம் இருக்காது. வேண்டியது அவசரம். அதற்கு நிழல் நகர வேண்டியதில்லை, சுருங்கினாலே போதும். உச்சி வெயில் நெருங்க நெருங்க நிழல் சுருங்கத்தானே செய்கிறது. பையன் கால் வைத்ததும் 4 நொடியில் நிழல் சுருங்கி மறைந்துவிடட்டும். நிழல் என்பது வெறும் செவ்வகம், `Area2D` என்ற மோதல் பகுதி ஒன்று, மேலே அவள் வரைந்த படம். மரத்தின் கீழே மரத்தின் நிழல், லாரியின் பக்கத்தில் லாரியின் நிழல், எல்லாம் கையால் வரைந்தது. 11.30க்கு அந்த முடிவை எடுத்தோம். 12.15க்கு ஓடியது.

ஓடியது என்றால், ஒரு குறையோடு ஓடியது. பையன் முதல் நிழலில் கால் வைத்ததும் தெருவில் இருந்த எல்லா நிழலும் ஒன்றாகச் சுருங்கின. படங்கள் சரியாக இருந்தன, மோதல் செவ்வகங்கள் மட்டும் சுருங்கியதால் ஏன் அடுத்த நிழலில் நின்றாலும் கால் சுடுகிறது என்று முதலில் புரியவில்லை. டீபக் மெனுவில் மோதல் வடிவங்களைக் காட்டும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டதும் நீல நிறப் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து குறுகுவது கண்ணெதிரே தெரிந்தது. ஒரு நிழலை நகலெடுத்துப் பல நிழல்கள் செய்யும்போது அந்தச் செவ்வக வடிவம் நகலாவதில்லை, எல்லாம் ஒன்றையே பகிர்ந்துகொள்கின்றன. தொடக்கத்திலேயே இந்த ஒரு வரி போட்டால் தீர்ந்தது:

```gdscript
$Shape.shape = $Shape.shape.duplicate()
```

இனி தெருவை அமைக்க வேண்டும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும், ஆனால் அதைப் போடாமல் கண்ணால் பார்த்து வைத்தால் பாதி ஆட்டம் முடிக்கவே முடியாததாகிவிடும். பையன் ஒரு நொடிக்கு 180 புள்ளி நடக்கிறான். சூடு ஒரு நொடிக்கு 0.4 ஏறுகிறது, அதாவது ஆறிய காலோடு கிளம்பினால் 2.5 நொடி தாங்கும். 180ஐ 2.5ஆல் பெருக்கினால் 450. இரண்டு நிழலுக்கு நடுவே 450 புள்ளிக்கு மேல் வெயில் இருந்தால் யாராலும் கடக்க முடியாது. அதனால் இடைவெளியை 200இல் தொடங்கி, போகப்போக 400 வரை ஏற்றினோம். அந்த 50 புள்ளி, விரலைக் கொஞ்சம் தாமதமாக வைப்பவர்களுக்கு. லெவல் என்று ஐந்து இடம் செய்வதற்குப் பதிலாக ஓர் எண் மெல்ல ஏறியது, அவ்வளவுதான் கடினம்.

தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருந்த கெடு: சனி மதியம் 1 மணிக்கு, எங்களில் ஒருவர் அல்லாத யாராவது போனில் ஆட வேண்டும். ஒலி வேண்டாம், படம் பாதி போதும், ஆனால் தொடங்கி முடிய வேண்டும். அந்த நேரத்துக்கு அது நடக்காவிட்டால் மிச்சப் பட்டியலில் பாதியை அப்போதே அடிப்பது என்று பேசி வைத்திருந்தோம். 40 நிமிடம் தாமதமாக, 1.40க்குச் சாப்பிடக் கூப்பிட வந்த நண்பனின் அம்மாவிடம் போனைக் கொடுத்தோம். எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர் விரலைப் பிடிக்கவில்லை. தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் பையன் அரை அடி வைத்து நின்றான். "ஏங்கண்ணு, இந்தப் பையன் ஏன் நின்னு நின்னு போறான்?" என்றார். இரண்டாவது, அவர் கட்டைவிரல் பையன் மேலேயே இருந்தது. நான் பையனைத் திரையின் அடியில், 1280 புள்ளி உயரத்தில் 1050ஆவது புள்ளியில் வைத்திருந்தேன். மேலே நிறையத் தெரு தெரியட்டும் என்று. கணினியில் அது சரி. போனை ஒரு கையால் பிடித்தால் கட்டைவிரல் வந்து நிற்கும் இடமே அதுதான். மூன்றாவது, இரண்டு முறை தோற்றதும், "செருப்பப் போடச் சொல்லு கண்ணு அவனை" என்றார்.

முதலாவதற்கு, முதல் நிழலின் மேல் "அழுத்திப் பிடி" என்று தரையில் சுண்ணாம்பால் எழுதியதுபோலச் சித்தி மகள் வரைந்தாள். பயிற்சித் திரை வேண்டியிருக்கவில்லை. இரண்டாவதற்கு, பையனை 750க்கு ஏற்றினோம். அப்போதும் அவனுக்கு முன்னால் 750 புள்ளித் தெரு தெரிகிறது, அதிகபட்ச இடைவெளி 400தான், ஆக அடுத்த நிழல் எப்போதும் கண்ணில் படும். மேலே போட்டதுபோல ஒரு கணக்கு இருந்ததால் இந்த முடிவு ஒரு நிமிடத்தில் முடிந்தது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. கடையை வெட்டியதில் செருப்பும் போயிருந்தது. நண்பனுக்கு அதில் வருத்தம். அவன் அம்மாவே கேட்டதும் தாளை மறுபடி பார்த்தோம். கடை வேண்டாம், காசு வேண்டாம், தெருவில் எப்போதாவது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கட்டும். மேலே நடந்தால் 3 நொடி கால் சுடாது, அப்புறம் வார் அறுந்துவிடும். 35 நிமிடத்தில் செய்தோம். கடையாகத் தாளில் இருந்தபோது எட்டு மணி நேரம் கேட்ட ஆசை அது. வெட்டியதைப் பற்றி யாராவது வருத்தப்பட்டால், அதில் அவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. கடை யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, செருப்பு கிடைக்கும் சந்தோஷம்தான் வேண்டியிருந்தது.

இனி மேகம். சனி மாலை நண்பன் அதை எழுதினான். தெருவுக்குக் குறுக்கே ஒரு பெரிய நிழல் மெல்ல நகரும், அதோடு சேர்ந்து நடந்தால் வெயிலே படாமல் நிறையத் தூரம் போகலாம். அருமையான யோசனை. ஆனால் அதுவரை நிழலும் நிழலும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததே இல்லை. இப்போது மேகம் மர நிழலின் மேல் வந்துவிட்டு விலகும்போது, பையன் இன்னும் மரத்தடியில் நின்றாலும் "நிழலை விட்டு வெளியேறினான்" என்று விளையாட்டு நினைத்தது. அதனால் `in_shade` என்ற ஆம்-இல்லையை எடுத்துவிட்டு, எத்தனை நிழலில் நிற்கிறான் என்று எண்ண வேண்டியிருந்தது. மேகம் வந்தால் இடைவெளிக் கணக்கும் மாற வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் சப்பென்று போகும். அதனால் தெரு அமைக்கும் நிரலுக்குள்ளும் மேகம் நுழைந்தது. நிழல் சுருங்கும் நிரலில், மேகமாக இருந்தால் சுருங்காதே என்று ஒரு விதிவிலக்கு. ஒலியில் ஒன்று. ஒரு புது வகை, ஐந்து கோப்பு. இரண்டு மணி நேரம் என்றது ஐந்தாகி, இரவு 11 மணி ஆனது.

ஞாயிறு காலை 9.40க்கு ஆடிப் பார்த்தோம். ஐந்தில் ஒரு தடவை, மேகம் போன பிறகு கடக்கவே முடியாத ஓர் இடைவெளி வந்தது. மதியம் 2 மணிக்கு மேல் புதிதாக எதுவும் கூடாது என்று தாளில் இருக்கிறது. மேகத்தை எடுத்துவிடுவது என்று முடிவானது. நண்பன் மறுபேச்சு பேசவில்லை. இரவு 11 மணி வரை செய்ததைத் தானே எடுக்க உட்கார்ந்தான்.

நான் இங்கே ஒரு தவறு செய்தேன், மேகம் சம்பந்தப்பட்ட வரிகளை எல்லாம் அழித்துவிடுவோம் என்றேன். அழித்தோம். ஐந்து கோப்பிலும். அழித்ததும் செருப்பு வேலை செய்யவில்லை, ஏனென்றால் செருப்பு போட்டிருக்கும் நேரமும் அந்த எண்ணிக்கையில்தான் சேர்த்திருந்தான். அதைச் சரிசெய்தால் தொடக்கத்தில் ஒரு நிழல் காணோம். ஒன்றே கால் மணி நேரம் இப்படிப் போனது. கடைசியில் அழித்ததை எல்லாம் விட்டுவிட்டு, நிரலின் பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் கிட் (git) வழியாக 9.40 நிலைக்கே திரும்பிப் போய், ஒரே ஓர் எண்ணை மாற்றினோம்:

```gdscript
var cloud_chance := 0.0
```

மேகத்தின் நிரல் முழுக்க அப்படியே இருக்கிறது, மேகம் மட்டும் வருவதே இல்லை. தெரு பழைய கணக்கிலேயே அமைகிறது. இரண்டு நிமிட வேலை. சனிக்கிழமை மதியம் மேகத்தை வெட்டியிருந்தால் தாளில் ஒரு கோடு இழுத்திருந்தால் போதும். ஞாயிறு காலை அதே வெட்டுக்கு ஓர் இரவும் ஒன்றே கால் மணி நேரமும் விலை கொடுத்தோம். வெட்டுவதும் ஒரு வேலைதான், தாமதமாக ஆக அதன் விலை ஏறிக்கொண்டே போகும். அப்படித் தாமதமாகிவிட்டால் பிடுங்கக் கூடாது, அது நுழையும் வாசலை மட்டும் சாத்த வேண்டும்.

மிச்ச நேரத்தை, வெட்டக் கூடாது என்று நாங்கள் வைத்திருந்த சின்ன விஷயங்களுக்குக் கொடுத்தோம். கால் சுடும்போது போன் லேசாக அதிர்வது அதில் ஒன்று, `Input.vibrate_handheld(40)` என்று ஒரே வரி. ஆண்ட்ராய்டுக்கு ஏற்றும்போது அதிர்வுக்கான அனுமதியையும் குறியிட வேண்டும், இல்லாவிட்டால் சத்தமே இல்லாமல் வேலை செய்யாமல் போகும். சித்தி மகளின் போனில் முன்கேமரா ஓட்டைக்குக் கீழே தூரத்தின் முதல் எண் மறைந்தது, எழுத்தைக் கீழே இறக்கினோம்.

ஏபிகே கோப்பை மட்டும் ஏற்றினால் பலர் ஆடவே மாட்டார்கள். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலிக்கு அனுமதி கொடுக்கச் சொல்லிப் போன் எச்சரிக்கும்போதே பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படவே படாது. அதனால் இணைய உலாவியில் ஓடும் பதிப்பும் சேர்த்து ஏற்றினோம். கோடோ 4.3 முதல் ஒற்றைத் திரெட்டில், அதாவது வேலையை இணையாகப் பிரிக்காமல், வெப் பதிப்பு எடுக்க முடிகிறது, போன் உலாவிகளில் அது தொல்லை குறைவு. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: விரல் ஒரு முறை படும் வரை உலாவி ஒலியை ஓடவிடாது. எங்கள் தொடக்கத் திரையே "தொடு" என்று கேட்பதால் அது தானாகச் சரியாகிவிட்டது. சனி இரவே, மேகத்துக்கு முந்தைய பதிப்பை ஒரு முறை ஏற்றி வைத்திருந்தோம். அதனால் ஞாயிறு மாலை 5.10க்குக் கடைசிப் பதிப்பை ஏற்றும்போது யாருக்கும் கை நடுங்கவில்லை.

அடுத்த வாரத்தில் ஆடியவர்கள் சொன்னதை அதே காலண்டர் தாளில் குறித்து வைத்தோம். லீடர்போர்டு எங்கே, வேறு இடங்கள் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. வெயில் ஏன் நகரவில்லை என்றும் யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் குடை கேட்டார்கள். நாங்கள் எழுதவே எழுதாத ஒன்றை நான்கு பேர் கேட்டார்கள்: தாண்டி வந்த செருப்பை எடுக்கப் பின்னால் திரும்பிப் போக முடியுமா என்று. ஒரே கட்டைவிரல், அது ஏற்கெனவே நடக்க வைக்கிறது. திரும்ப என்ன செய்வது? இரண்டு முறை தட்டலாம் என்கிறான் நண்பன். அவன் அம்மா இன்னமும் சில நேரம் தட்டித்தான் நடக்க வைக்கிறார், அவர் ஆடினால் பையன் தெருவில் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருப்பான் என்கிறாள் சித்தி மகள். அவர் தூரம் இப்போது 214 மீட்டர்.